போட்டோவில் வந்த பட்ஜெட் வேரியன்ஸ் அறிக்கை: எங்கே டேலி ஆகவில்லை, எதைக் கொடி காட்டுவது

மில்லிலிருந்து மாதாந்திர வேரியன்ஸ் அறிக்கை எனக்கு எக்செல் ஃபைலாக வந்ததே இல்லை. அங்கே அச்சடித்து, மேலாளர் கையெழுத்துப் போட்டு, அதை யாரோ மேஜைமேல் வைத்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். கையெழுத்து இருந்தால்தான் அது அறிக்கை என்பது அவர்களின் வழக்கம். ஃபைலாகக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். சரி, போட்டோவோடு வாழப் பழகிக்கொள்வோம் என்று இந்த முறைக்கு வந்து சேர்ந்தேன்.

போட்டோவை எண்ணாக மாற்றும்போது ஒரு இலக்கம் தவறினாலும், எக்செல் அதைத்தான் பெரிய விலகல் என்று சிவப்பில் காட்டும். நாம் மில்லுக்கு போன் போட்டுக் கேட்போம். அவர்கள் தாளைப் பார்த்து, "அப்படி இல்லீங்களே" என்பார்கள். இரண்டு முறை இப்படி ஆனால் மூன்றாவது முறை நம் கேள்வியை யாரும் மதிக்க மாட்டார்கள். அதனால் முதலில் படித்த எண் சரிதானா என்று பார்க்க வேண்டும், விலகலை அதற்குப் பிறகு தேடலாம். இந்த வேலைக்கு வேறு ஆதாரம் எதுவும் தேவையில்லை. பட்ஜெட், ஆக்சுவல், வேரியன்ஸ், அடியில் மொத்தம் என்று நான்கும் இருந்தால் அறிக்கையே தன்னைச் சரிபார்த்துக் கொடுத்துவிடும்.

கீழே இருப்பது ஒரு நூற்பாலையின் ஒரு மாதக் கணக்கு. விளக்குவதற்காக எண்களை முழுமையாக்கி எழுதியிருக்கிறேன். பட்ஜெட் போட்ட உற்பத்தி 1,00,000 கிலோ நூல், நடந்தது 88,000 கிலோ. அறிக்கையில் எல்லா வரிக்கும் பட்ஜெட்டிலிருந்து ஆக்சுவலைக் கழித்தே வேரியன்ஸ் போட்டிருக்கிறார்கள். அடைப்புக்குறி என்றால் மைனஸ்.

| தலைப்பு | பட்ஜெட் | ஆக்சுவல் | வேரியன்ஸ் |
|---|---|---|---|
| நூல் விற்பனை | 2,60,00,000 | 2,27,04,000 | 32,96,000 |
| பஞ்சு | 1,85,00,000 | 1,63,68,000 | 21,32,000 |
| மின்சாரம் | 32,00,000 | 31,60,000 | 40,000 |
| கூலி | 14,50,000 | 14,20,000 | 30,000 |
| ஸ்டோர்ஸ் | 4,20,000 | 6,85,000 | (2,65,000) |
| பேக்கிங் | 2,00,000 | 1,76,000 | 24,000 |
| லாரி வாடகை | 1,50,000 | 1,38,000 | 12,000 |
| டீசல் | 60,000 | 1,14,000 | (54,000) |
| கேன்டீன் | 18,000 | 29,500 | (11,500) |
| இன்சூரன்ஸ் | - | 2,40,000 | (2,40,000) |
| மொத்தச் செலவு | 2,39,98,000 | 2,23,30,500 | 16,67,500 |

எக்செலில் 2ஆம் வரிசையில் விற்பனை, 3 முதல் 11 வரை செலவுகள், 12இல் மொத்தம் என்று வைத்துக்கொள்வோம். போட்டோவிலிருந்து வந்தது B, C, D பத்திகளில் இருக்கும். சுத்தம் செய்தது E, F, G பத்திகளில்.

வரிசைகள் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன

மைக்ரோசாஃப்ட் 365 எக்செலில் `Data` → `From Picture` → `Picture From File` வழியாகப் படத்தைக் கொடுத்தால் அட்டவணையாக மாற்றித் தரும். சந்தேகமான கட்டங்களை அதுவே நிறம் போட்டுக் காட்டும். `Review` அழுத்தி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு `Insert Data` கொடுக்க வேண்டும். நிறம் போடாத கட்டம் எல்லாம் சரி என்று நினைத்துவிட வேண்டாம். தெளிவாகத் தெரிகிற 8ஐ மிகுந்த நம்பிக்கையோடு 3 என்று படித்ததைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

ஸ்டோர்ஸ் எண் பேக்கிங் வரியில் நிற்கிறது, ஒரு வரியில் இரண்டு எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றால் குறை பெரும்பாலும் படத்தில்தான். தாளைச் சாய்வாக எடுத்திருப்பார்கள், அல்லது மடிப்பு விழுந்து வரி வளைந்திருக்கும். இதை எக்செலில் உட்கார்ந்து வெட்டி ஒட்டிச் சரிசெய்யப் போனால் புதுப் பிழைகள்தான் வரும். படத்தைத் திரும்ப வாங்குவதே சிக்கனம். ஃபோனில் இருக்கும் கூகுள் டிரைவ் ஆப்பின் ஸ்கேன் வசதியில் எடுக்கச் சொன்னால் தாளின் நான்கு மூலைகளையும் பிடித்து நேராக்கித் தரும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும், அதனால் `Document` ஆக அனுப்பச் சொல்ல வேண்டும். இந்த இரண்டை மட்டும் மில்லில் ஒருவருக்குச் சொல்லிப் பழக்கிவிட்டால் பாதி வேலை குறைகிறது. கூடவே இன்னொன்று: தாளின் தலைப்பையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். மாதம், "ரூ. லட்சத்தில்" போன்ற குறிப்பு எல்லாம் அங்கேதான் இருக்கும். அது விடுபட்டால் என்ன ஆகும் என்று பிறகு வருகிறேன்.

கூட்டினால் பூஜ்யம் வருகிறது, அல்லது தொகை மிகவும் குறைகிறது

எண் போலத் தெரிவது எண் இல்லை, எழுத்து. கட்டத்தில் இடதுபக்கம் ஒட்டி நின்றால் அதுதான் அறிகுறி. `SUM` எழுத்தாக இருக்கும் கட்டங்களைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டு மீதியை மட்டும் கூட்டும். அதனால் பிழைச் செய்தி எதுவும் வராது, தொகை மட்டும் குறையும். காரணம் நடுவில் புகுந்த இடைவெளியாக இருக்கலாம், கண்ணுக்குத் தெரியாத `CHAR(160)` ஆக இருக்கலாம், காற்புள்ளி முற்றுப்புள்ளியாகி 6.85.000 என்று வந்திருக்கலாம், பூஜ்யத்துக்குப் பதில் O எழுத்து வந்திருக்கலாம். முதல் இரண்டுக்கும் காற்புள்ளிக்கும் அடைப்புக்குறிக்கும் சேர்த்து E2இல் இதைப் போட்டு G12 வரை இழுத்தால் போதும்:

```
=LET(t,SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(B2,CHAR(160),"")," ",""),",",""),
 IF(t="-",0,IF(LEFT(t,1)="(",
 -VALUE(SUBSTITUTE(SUBSTITUTE(t,"(",""),")","")),VALUE(t))))
```

இதில் ஒன்றை வேண்டுமென்றே செய்திருக்கிறேன். கட்டத்தில் கோடு இருந்தால் பூஜ்யம், கட்டமே காலியாக இருந்தால் `#VALUE!`. கோடு போட்டவர் "இங்கே ஒன்றும் இல்லை" என்று சொல்லியிருக்கிறார். காலிக் கட்டத்தில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அது படிக்காமல் விட்டதாகவும் இருக்கலாம். `IFERROR` போட்டு எல்லாவற்றையும் பூஜ்யமாக்கும் பழக்கம் இந்த வேலைக்கு ஆகாது.

எங்கள் அட்டவணையில் இன்சூரன்ஸ் வரி இதற்கு நல்ல உதாரணம். பட்ஜெட்டில் இருந்த சின்னக் கோட்டை எக்செல் கவனிக்கவே இல்லை. அதனால் 2,40,000 ஒரு கட்டம் இடதுபக்கம் நகர்ந்து பட்ஜெட் பத்தியில் உட்கார்ந்தது, (2,40,000) ஆக்சுவலுக்கு வந்தது, வேரியன்ஸ் காலி. கடைசிக் கட்டத்தில் `#VALUE!` கத்தியதால்தான் உடனே கண்ணில் பட்டது. கையால் நகர்த்தி வைத்தேன். அரைப் புள்ளி, நீளக் கோடு என்று கோடு வேறு உருவத்தில் வந்தாலும் பிழை காட்டும். அதையும் தாளைப் பார்த்துவிட்டுக் கையாலேயே மாற்றுவது நல்லது.

மொத்தம் டேலி ஆகவில்லை

இதற்குத்தான் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டும். இரண்டு சோதனைகள் போடுவேன். ஒன்று வரிக்கு வரி, H பத்தியில்:

```
=E3-F3-G3
```

மற்றொன்று ஒவ்வொரு பத்திக்கும் அடியில், 13ஆம் வரிசையில்:

```
=SUM(F3:F11)-F12
```

எல்லாம் பூஜ்யம் என்றால் அடுத்த வேலைக்குப் போகலாம். அன்றைக்கு எனக்கு வந்தது பூஜ்யம் இல்லை. ஸ்டோர்ஸ் வரியின் H கட்டத்தில் 50,000 நின்றது. ஆக்சுவல் பத்திக்கு அடியில் மைனஸ் 50,000. மற்ற எல்லாம் சுத்தம்.

இதை எப்படிப் படிப்பது? வரியில் ஒரு பிழை, பத்தியில் ஒரு பிழை, இரண்டும் ஒரே தொகை. அப்படியென்றால் அந்த வரியும் அந்தப் பத்தியும் வெட்டிக்கொள்ளும் கட்டம்தான் குற்றவாளி. ஸ்டோர்ஸ் ஆக்சுவலைப் பார்த்தால் எக்செலில் 6,35,000, தாளில் 6,85,000. 8ஐ 3 என்று படித்திருக்கிறது. முழுத் தாளையும் ஒரு ஸ்கேலை வைத்து வரி வரியாகச் சரிபார்க்க வேண்டியதில்லை, ஒரே கட்டத்தைப் பார்த்தால் போதும்.

வரிச் சோதனையில் பிழை இருக்கிறது, பட்ஜெட் பத்தியும் ஆக்சுவல் பத்தியும் சரி, வேரியன்ஸ் பத்தி மட்டும் ஒட்டவில்லை என்றால் தவறு வேரியன்ஸ் கட்டத்தில். எந்த உருப்படி வரியிலும் பிழை இல்லை, ஆனால் மொத்த வரியிலும் ஒரு பத்தியிலும் பிழை என்றால் மொத்தத்தைத்தான் தவறாகப் படித்திருக்கிறது. விற்பனை வரி செலவு மொத்தத்தில் சேராததால் அதற்கு வரிச் சோதனை மட்டும்தான் உண்டு. அதனால் அந்த மூன்று எண்களை மட்டும் எப்போதும் கண்ணால் ஒரு முறை பார்த்துவிடுவேன்.

வித்தியாசத் தொகையே நிறையச் சொல்லும். 50,000, 3,000, 200 போல ஒரே இலக்கமும் பின்னால் பூஜ்யங்களுமாக இருந்தால், படம் படிக்கும்போது ஒரு இலக்கம் மாறியிருக்கிறது. 3-8, 1-7, 5-6 ஜோடிகளை முதலில் பாருங்கள். ஸ்டோர்ஸ் வரியில் 5,30,000 என்று வந்திருந்தால் அதைப் பாதியாக்கிப் பார்க்க வேண்டும். பாதி 2,65,000, அதாவது அடைப்புக்குறியைக் காணோம், மைனஸ் பிளஸ் ஆகிவிட்டது. மங்கலான போட்டோவில் அடைப்புக்குறிதான் முதலில் தொலையும்.

வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்று பழைய கணக்கர்கள் சொல்வார்கள். உண்மைதான். லாரி வாடகை 1,38,000ஐ 1,83,000 என்று அடித்தால் வித்தியாசம் 45,000, ஒன்பதால் வகுபடும். ஆனால் இது மனிதக் கையின் பிழை. எண்ணைப் பார்த்து நாம் தட்டச்சு செய்யும்போது வரும். படத்தைப் படிக்கும் மென்பொருள் இலக்கத்தை இடம் மாற்றுவது அபூர்வம், உருவத்தைத்தான் தவறாகப் பார்க்கும். ஆகவே நீங்கள் கையால் எதையும் அடிக்காத நிலையில் ஒன்பதால் வகுபடும் வித்தியாசம் வந்தால், மில்லில் அறிக்கை தயாரித்தவரே கையால் அடித்திருக்கிறாரோ என்று ஒரு சந்தேகம் வைத்துக்கொள்ளலாம்.

அதுவும் நடக்கும். எக்செலில் இருப்பதும் தாளில் இருப்பதும் ஒன்றேதான், ஆனாலும் டேலி ஆகவில்லை என்றால் தாளே தவறு. அப்போது எதையும் நீங்களாகத் திருத்த வேண்டாம். எந்த எண் தவறு என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. வித்தியாசத்தை எழுதி மில்லைக் கேளுங்கள். லட்சத்தில் இரண்டு தசமத்துக்குப் போட்ட அறிக்கையில் மட்டும் 0.01, 0.02 வித்தியாசம் சகஜம். அது முழுமையாக்கியதால் வருவது.

எல்லாம் டேலி, ஆனால் எண்கள் நம்பும்படி இல்லை

மேலே சொன்ன சோதனைகளுக்குப் பிடிபடாத பிழை ஒன்று உண்டு. எல்லா எண்ணும் ஒரே அளவில் தவறினால் கழித்தலும் கூட்டலும் அப்படியே ஒத்துப்போகும். லட்சத்தில் போட்ட அறிக்கையில் 31.60 என்பதன் புள்ளி தொலைந்து 3160 ஆகிறது, ஒவ்வொரு வரியிலும் அதேபோல. H பத்தி முழுக்கப் பூஜ்யம்தான், ஆனால் எண் எதுவும் உண்மை இல்லை. தலைப்பு விடுபட்ட போட்டோவில் இதுதான் நடக்கிறது.

இதற்கு உற்பத்தியால் வகுத்துப் பார்ப்பதுதான் வழி. எங்கள் மில்லில் மின்சாரம் கிலோவுக்கு 32 ரூபாய் பட்ஜெட். 31,60,000ஐ 88,000 கிலோவால் வகுத்தால் 35.91 வருகிறது. அதிகம்தான், ஆனால் நடக்கக்கூடியது. மூன்று பைசா என்றோ மூவாயிரம் என்றோ வந்தால் அளவு தவறு. பஞ்சுக்கும் விற்பனைக்கும் இதேபோல ஒரு முறை வகுத்தால் போதும், பத்து வரிக்கும் வேண்டாம்.

இதற்குத் தம்பி போன்ற இன்னொரு பிழை: மாதக் கணக்கு என்று நினைத்து, ஏப்ரலிலிருந்து சேர்ந்து வரும் மொத்தக் கணக்கை எடுத்துவிடுவது. பல அறிக்கைகளில் இரண்டு தொகுதிகளும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். போன மாதம் வரையிலான மொத்தம் உங்களிடம் இருந்தால், அதோடு இந்த மாதத்தைக் கூட்டினால் புதிய மொத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் ஒன்று பத்தி மாறியிருக்கிறது, இல்லையென்றால் போன மாதக் கணக்கைப் பின்னால் திருத்தியிருக்கிறார்கள். இரண்டாவதைச் சொல்லாமல் செய்யும் பழக்கம் பல இடங்களில் உண்டு, அதையும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும்.

பத்து வரியில் ஆறு சிவப்பு, ஒன்று #DIV/0!

இப்போது எண்களை நம்பலாம். பத்து சதவீதத்துக்கு மேல் விலகினால் கொடி என்று வழக்கமான விதியைப் போட்டேன். விற்பனை, பஞ்சு, ஸ்டோர்ஸ், பேக்கிங், டீசல், கேன்டீன் எல்லாம் சிவப்பு. இன்சூரன்ஸில் பட்ஜெட் பூஜ்யம் என்பதால் `#DIV/0!`. கேன்டீன் 64 சதவீதம் கூடியிருக்கிறது, ஆனால் தொகை 11,500 ரூபாய். இதைக் கேட்டு மில் மேலாளருக்கு போன் போட்டால் டீ விலையைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்.

சதவீதம் மட்டும் போதாது, தொகை மட்டும் வைத்தாலும் போதாது. எந்தத் தொகை பெரிது என்பதை நான் லாபத்திலிருந்து எடுக்கிறேன். இந்த மாதம் வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய பட்ஜெட் லாபம் 20,02,000. அதில் ஐந்து சதவீதம் சுமார் ஒரு லட்சம். ஒரு லட்சத்துக்குக் குறைந்தால் கேட்பதில்லை. ஒரு லட்சமும் தாண்டி, பத்து சதவீதமும் தாண்டினால் கேட்பேன். பஞ்சு மாதிரி பெரிய வரியில் இரண்டு சதவீதமே 3,70,000 ஆகிவிடும் என்பதால், மூன்று லட்சம் தாண்டினால் சதவீதம் எதுவானாலும் கேட்பேன். இந்த எண்கள் இந்த மில்லுக்குத்தான். உங்கள் லாபத்தை வைத்து உங்களுடையதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் எதோடு ஒப்பிடுவது என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. அதற்கு அடுத்த இரண்டு அறிகுறிகளையும் பார்க்க வேண்டும்.

விற்பனை குறைந்ததை அறிக்கை லாபம் போலக் காட்டுகிறது

விற்பனை வரியில் 32,96,000 பிளஸ். எல்லா வரிக்கும் ஒரே கழித்தல் போட்டதால் வந்த வினை. செலவு குறைந்தால் சாதகம், வரவு குறைந்தால் பாதகம். படிக்கும்போது குறியை மாற்றக் கூடாது, மாற்றினால் வரிச் சோதனை உடையும். அதனால் I பத்தியில் செலவு வரிக்கு 1, வருமான வரிக்கு -1 என்று தனியாகப் போட்டு, கடைசியில்தான் பெருக்குவேன். மில்லில் "இதர வருமானம்" என்று கழிவுப் பஞ்சு விற்பனையைச் செலவுகளுக்கு நடுவில் நுழைத்திருப்பார்கள், அதற்கும் -1 போட மறக்கக் கூடாது.

கொடி விழ வேண்டிய வரியில் கொடி இல்லை

மின்சாரத்தைப் பாருங்கள். பட்ஜெட் 32 லட்சம், ஆனது 31.60 லட்சம், 40,000 மிச்சம். எந்த விதி போட்டாலும் கொடி விழாது. ஆனால் உற்பத்தி பன்னிரண்டு சதவீதம் குறைந்த மாதத்தில் மின் செலவு ஏறக்குறைய முழுசாக ஆகியிருக்கிறது. இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அறிக்கையோ சாதகம் என்கிறது.

ஒரு லட்சம் கிலோவுக்குப் போட்ட பட்ஜெட்டை 88,000 கிலோ ஓடிய மாதத்தோடு ஒப்பிட்டதுதான் காரணம். பட்ஜெட்டை நடந்த உற்பத்திக்கு இறக்கி, அதோடு ஒப்பிட வேண்டும். மின் பட்ஜெட்டில் டிமாண்ட் கட்டணம் 4,00,000. அது மில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியது. மீதி 28,00,000 கிலோவுக்கு 28 ரூபாய். 88,000 கிலோவுக்கு 24,64,000, டிமாண்டோடு சேர்த்து 28,64,000. ஆனது 31,60,000. மிச்சம் 40,000 இல்லை, 2,96,000 கூடுதல்.

இந்த இறக்கிய பட்ஜெட்டை J பத்தியில் வைக்கிறேன். விற்பனை, பஞ்சு, ஸ்டோர்ஸ், பேக்கிங், லாரி வாடகை உற்பத்தியோடு நேராக நகரும், ஆகவே 0.88ஆல் பெருக்கினால் போதும். கூலி, டீசல், கேன்டீன், இன்சூரன்ஸ் அப்படியே. கூலியைப் பற்றி வாதிக்கலாம், ஷிப்ட் குறைத்தால் கொஞ்சம் குறையும். ஆனால் ஒரு மாதத்தில் ஆட்களை அவ்வளவு வேகமாகக் குறைக்க முடியாது என்பதால் நிலையானது என்றே வைக்கிறேன். K, L பத்திகளில்:

```
=(J3-F3)*I3
=IF(OR(ABS(K3)>=300000,
 AND(ABS(K3)>=100000,ABS(K3)>=0.1*ABS(J3))),"பார்க்க","")
```

வகுக்காமல் பெருக்கியதால் பட்ஜெட் பூஜ்யமான வரியிலும் பிழை வராது. அந்த வரியில் தொகை ஒரு லட்சம் தாண்டினாலே கொடி விழும்.

இப்போது படம் மாறுகிறது. பஞ்சில் தெரிந்த 21,32,000 மிச்சம் மறைந்து 88,000 கூடுதல் ஆகிறது, அதாவது கிலோவுக்கு ஒரு ரூபாய். கொடி இல்லை. விற்பனையில் விலை கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைந்ததால் 1,76,000 பாதகம், ஒரு சதவீதம்கூட இல்லை, கொடி இல்லை. பேக்கிங் பூஜ்யம். கொடி விழுந்தது மூன்றில்: மின்சாரம் 2,96,000, ஸ்டோர்ஸ் 3,15,400, இன்சூரன்ஸ் 2,40,000. எல்லாமே பாதகம். லாபம் 20,02,000இலிருந்து 3,73,500க்கு இறங்கியதில் உற்பத்திக் குறைவின் பங்கு 4,71,600. மீதி 11,56,900இல் 8,51,400 இந்த மூன்று வரியில் இருக்கிறது. அறிக்கையின் கடைசி வரி மட்டும் செலவில் 16,67,500 மிச்சம் என்று சொல்லிக்கொண்டிருந்தது.

கொடி விழாத டீசலையும் கேள்வியில் சேர்த்தேன். 54,000தான் கூடுதல், வரம்புக்குள். ஆனால் மின்சாரமும் டீசலும் ஒரே மாதத்தில் கூடி, உற்பத்தியும் குறைந்தால் மூன்றுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வாய்ப்பு உண்டு. இதை எந்த ஃபார்முலாவும் சொல்லாது.

கொடி விழுந்தது, ஆனால் காரணம் செலவு இல்லை

மில்லுக்கு அனுப்பிய செய்தி இவ்வளவுதான்: "ஸ்டோர்ஸ் 6,85,000இல் மாதக் கடைசியில் ஸ்டோரில் மீதி இருக்கும் சாமான் எவ்வளவு? இன்சூரன்ஸ் 2,40,000 எந்தக் காலத்துக்கு? மின் பில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? டீசல் எத்தனை மணி நேரம் ஜெனரேட்டர் ஓடியதற்கு?" ஏன் கூடியது என்று பொதுவாகக் கேட்டால் விலைவாசி என்று பதில் வரும். எண்ணாகக் கேட்டால் எண்ணாக வரும்.

அங்கே இருக்கும் கணக்கர் என்னைவிட மூத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். மாலையில் பதில் சொன்னார். "ஸ்டோர்ஸ்ல மூணு மாசத்துக்கான காட்ஸும் பேரிங்கும் மொத்தமா வாங்கினது, 2,60,000க்கு சாமான் இன்னும் அப்படியே இருக்குங்க. வாங்கின உடனே செலவுல போட்டுட்டோம்." அதைக் கழித்தால் 4,25,000, இறக்கிய பட்ஜெட்டைவிட 55,400தான் அதிகம், கொடி போய்விட்டது. இன்சூரன்ஸ் ஒரு வருடத்துக்கு. மாதத்துக்கு 20,000 போக 2,20,000 முன்கட்டணமாகப் போக வேண்டியது. அதுவும் போய்விட்டது.

மின் பில் சரியான ஒரு மாதத்துக்குத்தான், தேதியில் குறை இல்லை. "மின்தடை அடிக்கடி வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் ஃப்ரேம் எல்லாம் நின்னுடும், கரண்ட் வர்ற வரைக்கும் கம்ப்ரஸரும் ஹுமிடிஃபிகேஷன் பிளான்ட்டும் ஜெனரேட்டர்ல ஓடிட்டே இருந்துச்சு" என்றார். கரண்ட் வந்த பிறகும் அறுந்த இழைகளைக் கட்டி ஃப்ரேம்களை ஓட வைக்க நேரம் ஆகிறது. அதுவரை அந்த இரண்டும் நூல் இல்லாமலே யூனிட்டைத் தின்கின்றன. எத்தனை தடை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று மின் பிரிவுப் பதிவேட்டிலிருந்து எடுத்து அனுப்பச் சொன்னேன். மறுநாள் அனுப்பினார். அதுவும் போட்டோவாகத்தான் வந்தது, இந்த முறை `Document` ஆக.